மாமா சொன்ன 13, மகள் சொன்ன 9.6

போன ஞாயிறு பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் மகளோடு, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு, தருமபுரிக்கு என்னிடம் வந்திருந்தார்கள். தக்காளி விவசாயம். பெண் பிளஸ் டூ, கணிதப் பிரிவு. ஓசூரில் வேலை பார்க்கும் தாய்மாமன் தனியார் கல்லூரி ஒன்றில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்குப் பேசி வைத்துவிட்டார். அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கி. “இவ என்னடான்னா சீட்டுக்கட்ட வெச்சுக்கிட்டு எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கா சார், கேட்டா கணக்குங்கறா” என்றார் அப்பா. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் பத்து நிமிடம் நானும் எல்லாரையும் போல ஆறுதல்தான் சொன்னேன். அப்புறம் அந்தக் கணக்கு என்னவென்று பெண்ணிடம் கேட்டேன். கேட்ட பிறகு ஆறுதலை நிறுத்திவிட்டேன்.

உறவில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் ராத்திரி ரம்மி ஆடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நன்றாகக் கலைத்த 52 சீட்டில் மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பினால், முதல் ஏஸ் வருவதற்குள் சராசரியாக எத்தனை சீட்டு போகும் என்று பேச்சு வந்தது. மாமா பொறியியல் படித்தவர், சட்டென்று பதில் சொன்னார்: “52-ல் 4 ஏஸ், அப்ப 13-ஆவது சீட்டு.” பெண் இல்லையென்றாள். ஏஸுக்கு முன்னால் 9.6 சீட்டு, ஏஸையும் சேர்த்தால் 10.6 என்றாள். சபையில் மாமாவை எதிர்த்துப் பேசிவிட்டாள் என்பதுதான் வீட்டில் உண்மையான வருத்தம்.

எப்படி வந்தது என்றேன். என் மேசை மேல் நான்கு பேனாக்களைச் செங்குத்தாக இடைவெளி விட்டு வைத்தாள். “இது நாலும் ஏஸ் சார். நாலு கம்பம் நட்டா அஞ்சு சந்து. முதல் கம்பத்துக்கு முன்னால ஒண்ணு, நடுவுல மூணு, கடைசிக் கம்பத்துக்குப் பின்னால ஒண்ணு. மீதி 48 சீட்டும் இந்த அஞ்சு சந்துலதான் இருக்கணும்.”

அதற்கு மேல் அவள் சொன்னதுதான் முக்கியம். ஏஸ் அல்லாத ஏதாவது ஒரு சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்பேட் ஏழு என்று வைப்போம். மற்ற 47-ஐயும் மறந்துவிட்டு இந்த ஏழையும் நான்கு ஏஸையும் மட்டும் பாருங்கள். ஐந்து சீட்டு. கட்டு ஒழுங்காகக் கலைக்கப்பட்டிருந்தால், இந்த ஐந்தில் முதலில் வருவது யார் என்பதில் எவருக்கும் சலுகை கிடையாது. ஆகவே ஏழு எல்லா ஏஸுக்கும் முன்னால் வரும் வாய்ப்பு 1/5. இதே நியாயம் 48 சீட்டுக்கும் பொருந்தும். 48 × 1/5 = 9.6. முடிந்தது.

இங்கே நான் ஒரு கொக்கி போட்டேன். ஸ்பேட் ஏழு முன்னால் வந்தால் ஸ்பேட் எட்டும் முன்னால் வரும் வாய்ப்பு மாறுமே, ஒன்றையொன்று சார்ந்தவற்றை இப்படிக் கூட்டலாமா? “சராசரியைக் கூட்டறதுக்கு அது தடையில்ல சார். பெருக்கினாத்தான் பாக்கணும்” என்றாள். கல்லூரி முடித்த பலர் இந்த இடத்தில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மாமாவின் 13 எங்கே பிசகியது என்பதையும் அவளே கண்டுபிடித்து வைத்திருந்தாள். 52-ஐ நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் ஒரு ஏஸில் முடிகிறது என்று பொருள். அதாவது கட்டின் கடைசிச் சீட்டு எப்போதும் ஏஸ். மாமா ஐந்தாவது சந்தை மறந்துவிட்டார். எடுத்த சீட்டைத் திரும்பக் கட்டில் போட்டுக் கலைத்து அடுத்ததை எடுத்தால் 13 சரிதான், ஆனால் அது வேறு ஆட்டம்.

நம்பாதவர்கள் சின்னதாகச் சோதித்துப் பார்க்கலாம். இரண்டு ஏஸ், இரண்டு சாதாச் சீட்டு என்றால் ஆறே வரிசைகள். முதல் ஏஸுக்கு முன்னால் உள்ளவற்றை எண்ணினால் மூன்று வரிசையில் 0, இரண்டில் 1, ஒன்றில் 2. மொத்தம் 4, சராசரி 4/6. சந்துக் கணக்கில் இரண்டு சீட்டு, மூன்று சந்து: 2/3. அதே விடை.

“நாங்க பத்து தடவ போட்டுப் பாத்தோம், 14 வந்துச்சே” என்றார் அப்பா. வரும். ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் ஏற்ற இறக்கம் பெரிது, சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்று காட்டும் திட்ட விலக்கம் 8 சீட்டுக்கு மேல். ஏறக்குறைய பாதித் தடவை முதல் எட்டுச் சீட்டுக்குள்ளேயே ஏஸ் வந்துவிடும். ஆனால் நூற்றுக்குப் பதின்மூன்று தடவை இருபது சீட்டு போனாலும் வராது. பத்து ஆட்டத்தை வைத்து 10.6-ஆ 13-ஆ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

மனப்பாடமா என்று பார்க்கக் கேள்வியை மாற்றினேன். முதல் சிவப்பு ஏஸ் வர? சிவப்பில் இரண்டே ஏஸ், மூன்று சந்து, மீதி 50 சீட்டு. “முன்னால பதினாறே முக்கால்கிட்ட... இல்ல, 50-ல மூணுல ஒண்ணு, 16.67” என்றாள். பேனாவைக்கூடத் தொடவில்லை.

இப்போது பெற்றோருக்கு. கம்ப்யூட்டர் சயின்ஸ் பற்றி நான் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை, பத்து வீட்டில் ஒன்பது வீட்டுக்கு அதன் விவரம் தெரியும். ஆனால் நிலத்தை அடகு வைத்து மேனேஜ்மெண்ட் சீட்டு வாங்குவதை நான் ஒப்பமாட்டேன். சொந்தத் தம்பியே பேசி முடித்திருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். இந்தப் பெண்ணின் புத்தி ஓடும் திசை வேறு.

இந்தியப் புள்ளியியல் நிறுவனம் என்று ஒன்று இருக்கிறது. புள்ளியியல் அறிஞர் மகலனோபிஸ் 1931-இல் கல்கத்தாவில் தொடங்கியது. 1959-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. அதன் பெங்களூரு வளாகம் மைசூர் சாலையில் இருக்கிறது. நம் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் போய்விடலாம். அங்கே கணிதப் பட்டப்படிப்பான பி.மேத், கொல்கத்தாவில் புள்ளியியல் பட்டப்படிப்பான பி.ஸ்டாட். இந்த இரண்டு படிப்புக்கும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதோடு மாத உதவித்தொகையும் தருகிறார்கள். மதிப்பெண் சறுக்கினால் அந்தத் தொகை குறையும், நிற்கவும் செய்யும். அங்கேயே இருக்கும் வேறு சில புதிய படிப்புகளுக்குக் கட்டணம் உண்டு, ஆகவே விண்ணப்பத்தில் படிப்பின் பெயரைக் கவனித்துப் போட வேண்டும்.

சேர்க்கை அவர்களுடைய சொந்த நுழைவுத் தேர்வில். ஒரு தாள் விடையைத் தேர்ந்தெடுப்பது. இன்னொரு தாளில் முழு நியாயத்தையும் எழுதிக் காட்ட வேண்டும். நீட், ஜேஇஇ கோச்சிங்கில் பழகியவர்கள் இரண்டாவது தாளில்தான் விழுகிறார்கள். 9.6 என்று விடை எழுதினால் மட்டும் போதாது, ஐந்து சந்தும் ஏன் சமம் என்று எழுதினால்தான் மதிப்பெண். இவள் என் மேசையில் பேனாவை வைத்துச் செய்தது அதைத்தான்.

இடங்கள் குறைவு, கிடைக்காமல் போகலாம். அதை மறைக்கமாட்டேன். கிடைக்காவிட்டால் சென்னை மாநிலக் கல்லூரி போல ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் சேர்ந்துவிட்டு, முதுகலைக்கு இதே நிறுவனத்தின் எம்.ஸ்டாட் தேர்வை மறுபடி எழுதலாம். யூபிஎஸ்சி நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கும் அதே பட்டம் செல்லும். அந்த வழியில் செலவு பெரும்பாலும் விடுதியும் சாப்பாடும்தான்.

அவளுக்கு இருக்கும் ஒரே குறை, நியாயத்தை வாயால் சொல்கிறாள், ஆங்கிலத்தில் எழுத வரவில்லை. சீட்டுக் கணக்கை ஒரு பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதி அடுத்த ஞாயிறு கொண்டு வரச் சொன்னேன். அப்பாவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன்: கட்டை நூறு முறை கலைத்து, ஒவ்வொரு முறையும் முதல் ஏஸ் எத்தனையாவது சீட்டில் வந்தது என்று குறித்து வரவேண்டும். அவர் சட்டைப் பையிலிருந்த தக்காளி மண்டிச் சீட்டின் பின்பக்கத்தில் ஒன்று முதல் நூறு வரை கோடு போடத் தொடங்கினார்.