ஒரே பொருள், ரெண்டு விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஒரே பொருளை மலிவான இடத்தில் வாங்கி விலை அதிகமான இடத்தில் விற்பதுதான் ஆர்பிட்ரேஜ். பலர் அப்படிச் செய்யும்போது ஒரே பொருளுக்கு ஒரே விலை என்ற விதி நிற்கும் என்று போன முறை எழுதியதற்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: "இங்கே மலிவு, அங்கே விலை அதிகம், நடுவில் நான் புகுந்து சம்பாதிக்கலாமா?" அதனால் அந்த மாதிரிக் கேள்விகளையே முதலில் எடுத்திருக்கிறேன்.

ஒரே கம்பெனியின் பங்கு என்எஸ்இ-யில் 1,000 ரூபாய், பிஎஸ்இ-யில் 1,000.40 என்று ஆப்பில் தெரிகிறது. ஒன்றில் வாங்கி இன்னொன்றில் விற்றால் 40 பைசா லாபம்தானே? ஆயிரம் பங்கு என்றால் 400 ரூபாய்!

முதலில், நீங்கள் பார்ப்பது கடைசியாக நடந்த வியாபாரத்தின் விலை. பிஎஸ்இ-யில் அந்தப் பங்கு கடைசியாகக் கைமாறியது அரை நிமிடம் முன்பாக இருக்கலாம், என்எஸ்இ-யில் இந்த நொடியாக இருக்கலாம். ரெண்டு வெவ்வேறு நேரத்து விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இடைவெளி தெரியத்தான் செய்யும். ஒப்பிட வேண்டியது வேறு: மலிவான சந்தையில் விற்பவர் கேட்கும் விலை, மற்றதில் வாங்குபவர் தரத் தயாராக இருக்கும் விலை. ஆப்பில் வாங்க, விற்கக் காத்திருக்கும் விலைகளைக் காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து இந்த ரெண்டையும் பாருங்கள், அந்த 40 பைசா பெரும்பாலும் அங்கேயே காணாமல் போயிருக்கும்.

சரி, நிஜமாகவே 40 பைசா இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பங்கு நிஜமாகவே கணக்குக்குக் கைமாறும் டெலிவரி வியாபாரத்தில், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி வாங்கும்போது 0.1 சதவீதம், விற்கும்போது 0.1 சதவீதம். 1,000 ரூபாய்ப் பங்குக்கு அதுவே 2 ரூபாய் ஆகிவிட்டது. வாங்கும் பக்கம் முத்திரைத் தீர்வை 15 பைசா, அப்புறம் சந்தைக் கட்டணம், பங்குக் கணக்கிலிருந்து பங்கை எடுப்பதற்கான டிபி கட்டணம், அவற்றின் மேல் ஜிஎஸ்டி. 40 பைசாவைப் பிடிக்க ஏறக்குறைய ரெண்டே கால் ரூபாய் செலவு. போதாததற்கு, கையில் பங்கு இல்லாமல் இன்று ஒன்றில் வாங்கி இன்றே மற்றதில் விற்றால், வாங்கியது உங்கள் கணக்குக்கு வரவே நாளை ஆகும், விற்றதையும் நாளைக்கே கொடுத்தாக வேண்டும். தாமதமானால் நீங்கள் கொடுக்க வேண்டிய பங்கைச் சந்தையே ஏலத்தில் வாங்கிக் கொடுக்கும், அந்த நஷ்டமும் உங்கள் தலையில் விழும். சில்லறை புரோக்கர்கள் பலர் இதை அனுமதிப்பதே இல்லை. ஏற்கெனவே அந்தப் பங்கு கையில் இருந்தால் கதை கொஞ்சம் மாறும், ஆனால் மேலே சொன்ன வரிக் கணக்கு மாறாது.

அப்படியென்றால் ரெண்டு சந்தை விலையையும் ஒட்டி வைத்திருப்பது யார்? சந்தையின் சர்வருக்குப் பக்கத்திலேயே தங்கள் சர்வரை வைத்திருக்கும் நிறுவனங்கள். ஒன்றில் வாங்கி மற்றதில் விற்றுவிட்டு, இடைவெளி மூடியதும் ரெண்டு பக்கத்தையும் அன்றைக்கே எதிர்த்திசையில் முடித்துவிடுவார்கள். டெலிவரி இல்லாததால் விற்கும் பக்கம் மட்டும் 0.025 சதவீத எஸ்டிடி. அவர்களுக்கும் ஒரு செலவு இருக்கிறது, அந்தச் செலவைத் தாண்டி இடைவெளி விரிந்தால் பாய்ந்து பிடித்துவிடுவார்கள், அதற்கு உள்ளே இருந்தால் தொட மாட்டார்கள். உங்கள் கண்ணில் படுவது அவர்கள் வேண்டாம் என்று விட்டுவைத்த மிச்சம்.

என் மச்சான் துபாயில் இருக்கிறான். அங்கே தங்கம் கிராமுக்கு நூற்றுக்கணக்கில் குறைவு என்கிறான். தங்கம் உலகம் முழுக்க ஒரே தங்கம்தானே, விலை ஏன் ஒன்றாகவில்லை?

இந்த வாரத்தின் நல்ல கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

சுங்கத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் விலை ஒன்றுதான். 2024 ஜூலையில் சர்வதேச விலை அவுன்ஸுக்கு 2,400 டாலர் பக்கம் இருந்தது. தங்கக் கணக்கில் ஒரு அவுன்ஸ் 31.1 கிராம், ஆக ஒரு கிராம் 77.16 டாலர். டாலர் 83.70 ரூபாய் என்று வைத்தால் 24 கேரட் கிராம் ஏறக்குறைய 6,458 ரூபாய். துபாய், லண்டன், சிங்கப்பூர் எங்கே போனாலும் சொக்கத் தங்கத்தின் அடிப்படை விலை இதைச் சுற்றித்தான் இருக்கும். கிலோ ஒன்று 64 லட்சத்தைத் தாண்டும் பொருளை விமானத்தில் கொண்டுபோக ஆகும் செலவு, அதன் விலையில் தூசு.

இந்தியாவுக்குள் வரும்போது இதன் மேல் சுங்கம் ஏறுகிறது. 2022 ஜூலையிலிருந்து 2024 ஜூலை வரை அது 15 சதவீதமாக இருந்தது. 6,458-ன் மேல் 15 சதவீதம் போட்டால் 7,427. கிராமுக்கு 969 ரூபாய் இடைவெளி, அதாவது கிலோவுக்கு 9.7 லட்சம். இங்கே உள்ளவன் இதற்கு மேல் கேட்டால் இறக்குமதி செய்து விற்க ஆள் வந்துவிடும், அதனால் கூரை 7,427-ல் நின்றது. சட்டப்படி வருகிற தங்கத்துக்கு இடைவெளி சுங்கத்தின் அளவே, அதற்கு மேல் விரியாது.

ஆனால் அந்த 9.7 லட்சத்தைச் சும்மா விட நினைக்காதவர்களும் இருக்கிறார்கள். திருச்சி, சென்னை விமான நிலையங்களில் பசையாக்கி உடலில் மறைத்துக் கொண்டுவந்து பிடிபடும் "குருவி"களைப் பற்றி வாரம் தவறாமல் செய்தி படிக்கிறீர்களே, அதுவும் ஆர்பிட்ரேஜ்தான், சட்டவிரோதமானது என்பது மட்டும் வித்தியாசம். குருவிக்குக் கூலி, டிக்கெட், பத்தில் ஒன்று பிடிபட்டால் போகிற சரக்கு, ஹவாலாவில் பணம் அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்து 9.7 லட்சத்துக்குள் அடங்கினால் தொழில் ஓடும். அப்படி வந்த தங்கம் சுங்கம் கட்டிய விலையைவிடக் கொஞ்சம் குறைத்து விற்கப்படும், நேர்மையாக இறக்குமதி செய்தவரும் வேறு வழியில்லாமல் இறங்கி வருவார். தங்கக் கட்டி விற்கும் புல்லியன் வியாபாரிகள் "இன்று டிஸ்கவுன்ட் ஓடுகிறது" என்று சொன்னால், உள்ளூர் விலை சுங்கம் உட்பட்ட விலைக்குக் கீழே இருக்கிறது என்று அர்த்தம். அந்த டிஸ்கவுன்டுக்கு வாங்குவோர் இல்லாததும் காரணமாக இருக்கும், அதனால் அதை மட்டும் வைத்துக் கடத்தலை அளந்துவிட முடியாது. ஆனால் சுங்கம் ஏறியபின் டிஸ்கவுன்ட் நீடித்தால் எனக்குச் சந்தேகம் அந்தப் பக்கம்தான் போகும்.

2024 ஜூலை 23 பட்ஜெட்டில் சுங்கம் 15-லிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. அதே கணக்கைத் திரும்பப் போடுங்கள்: 6,846. கிலோவுக்குக் கிடைத்த இடைவெளி 9.7 லட்சத்திலிருந்து 3.9 லட்சமாகச் சுருங்கியது, குருவியின் கூலியும் ஆபத்தும் அப்படியே இருந்தன. சென்னையில் அன்று ஒரே நாளில் ஆபரணத் தங்கம் சவரனுக்கு 2,000 ரூபாய்க்கு மேல் சரிந்தது. உலக விலை அன்று பெரிதாக ஒன்றும் ஆடவில்லை, நடுவிலிருந்த சுவர் மட்டும் தாழ்ந்தது. கணக்குப்படி 22 கேரட் சவரனுக்கு 4,000-க்கு மேல் இறங்கியிருக்க வேண்டும். ஏற்கெனவே டிஸ்கவுன்டில் ஓடிய சந்தை, பழைய சுங்கம் கட்டி வாங்கிய இருப்பு இதெல்லாம் இருந்ததால் முழுதும் அன்றே இறங்கவில்லை. அடுத்த சில நாட்களிலும் இறக்கம் தொடர்ந்தது.

உங்கள் மச்சான் விஷயத்துக்கு வருகிறேன். நகையை ஒப்பிடும்போது செய்கூலி, சேதாரம், இங்கே 3 சதவீத ஜிஎஸ்டி, அங்கே 5 சதவீத வாட் என்று எல்லாவற்றையும் பிரித்துவிட்டு, அதே கேரட்டில், அதே நாளின் டாலர் மதிப்பில் பாருங்கள். மீதி நிற்பது பெரும்பாலும் சுங்கம். வெளிநாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்துவிட்டு வருபவருக்கு நகைச் சலுகை உண்டு, அந்த வரம்புக்குள் கொண்டுவந்தால் லாபம்தான். வரம்பு அவ்வப்போது மாறும், டிக்கெட் போடும் முன் சுங்கத்துறை தளத்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதைத் தாண்டினால் அறிவித்துச் சுங்கம் கட்டுங்கள். மறைத்துக் கொண்டுவா என்று நான் சொல்ல மாட்டேன்.

கோயம்பேட்டில் தக்காளி 20 ரூபாய், எங்கள் தெருக் கடையில் 40. இங்கே உங்கள் விதி எங்கே போனது?

கோயம்பேட்டில் காலை 4 மணிக்குப் பெட்டியாக வாங்கும் தக்காளியும், உங்கள் வாசலில் சாயங்காலம் அரைக் கிலோ பொறுக்கி எடுக்கும் தக்காளியும் ஒரே பொருள் இல்லை. வண்டி வாடகை, அழுகல், கடை வாடகை எல்லாம் நடுவில் இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ரெண்டு கடையில் 40-ம் 55-ம் இருந்தால் அப்போது என்னிடம் வாருங்கள்.

பெரிய சந்தை, கம்ப்யூட்டர் எல்லாம் இல்லாத இடத்தில் விலை எப்படி ஒன்றாகும்? யார் போய்ச் சரிசெய்வது?

சரக்கைக் கையில் வைத்திருப்பவரே செய்வார், அடுத்த ஊர் விலை அவருக்குத் தெரிந்தால். இதற்கு வடகேரளத்து மத்தி மீனைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு அது.

1997-க்கு முன் அங்கே படகுக்காரர்கள் பிடித்த மீனைப் பெரும்பாலும் தங்கள் ஊர்க் கரையிலேயே விற்றார்கள். அடுத்த கரையில் என்ன விலை என்று கடலில் இருந்தபடி தெரியாது, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப டீசலும் நேரமும் போகும், அதற்குள் சந்தை கலைந்துவிடும். 1997 ஜனவரி 14 காலையில் வடகரையில் 11 படகுக்காரர்களுக்கு வாங்க ஆளே இல்லை. அதே நேரம் 15 கிலோமீட்டருக்குள் இருந்த கரைகளில் 27 பேர் வாங்க மீன் கிடைக்காமல் திரும்பினார்கள். ஒரு பக்கம் மீன் சும்மா கொடுத்தாலும் வேண்டாம், மறுபக்கம் காசு கொடுத்தாலும் இல்லை.

அப்புறம் கரையோரம் செல்போன் கோபுரங்கள் வந்தன. சிக்னல் கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. படகிலிருந்தே நாலு கரைக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு, எங்கே விலை கிடைக்குமோ அங்கே படகைத் திருப்பினார்கள். மலிவான கரைக்குப் போகும் மீன் குறைந்தது, விலை அதிகமான கரைக்குக் கூடியது, கரைக்குக் கரை இருந்த விலை வித்தியாசம் சட்டென்று சுருங்கியது. முன்பு தினமும் பிடித்ததில் 5 முதல் 8 சதவீதம் வாங்க ஆளில்லாமல் வீணாகும், அது அநேகமாக நின்றே போனது. இதனால்தான் மீனவர் லாபம் சராசரி 8 சதவீதம் ஏறியும், வாங்குபவர் கொடுத்த விலை 4 சதவீதம் இறங்கியும் இருக்க முடிந்தது. ஒருவர் வாயிலிருந்து பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்த லாபமாக இருந்திருந்தால் ரெண்டும் சேர்ந்து நடந்திருக்காது.

விலை முழுக்க ஒன்றாகிவிடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒரு கரையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் டீசல் செலவு இருக்கும்வரை அந்த அளவு வித்தியாசம் இருந்துகொண்டுதான் இருக்கும்.

எல்லாருக்கும் விலை தெரியும், செலவும் சொற்பம், சட்டத் தடையும் இல்லை. அப்படியும் விலை வேறாகவே நிற்க முடியுமா?

முடியும், நின்றிருக்கிறது. 2000 மார்ச் 2-ல் அமெரிக்காவில் 3காம் என்ற நிறுவனம், கையடக்கக் கருவி செய்த தன் துணை நிறுவனமான பாம் பங்குகளில் சுமார் 5 சதவீதத்தை மட்டும் வெளியே விற்றது. மீதியைப் பின்னால் தன் பங்குதாரர்களுக்கே பிரித்துத் தருவதாகச் சொல்லியிருந்தது, ஒரு 3காம் பங்குக்கு ஏறக்குறைய ஒன்றரை பாம் பங்கு. அன்று மாலை பாம் முடிந்தது 95.06 டாலரில். அப்படியானால் ஒரு 3காம் பங்கு குறைந்தது 142 டாலர் பெற வேண்டும், 3காமின் மற்ற தொழில்களும் கையிருப்புப் பணமும் தனி. ஆனால் அது முடிந்ததோ 81.81-ல். 3காமின் மற்ற தொழில் மொத்தத்துக்கும் சேர்த்துச் சந்தை போட்ட மதிப்பு பூஜ்யத்துக்குக் கீழே, பங்குக்கு 60 டாலருக்கும் மேல் கழித்தல்!

இது ரகசியமும் இல்லை, மறுநாளே பத்திரிகையில் வந்துவிட்டது. செய்ய வேண்டியதும் தெளிவு: 3காமை வாங்கு, ஒன்றரைப் பங்கு பாமைக் கடன் வாங்கி விற்றுவிடு, பிரித்துக் கொடுக்கும் நாள்வரை காத்திருந்து, அன்று கைக்கு வரும் பாமைக் கொடுத்துக் கடனை அடை. சிக்கல் "கடன் வாங்கி" என்ற இடத்தில். வெளியே இருந்ததே 5 சதவீதப் பங்கு, அதையும் வைத்திருந்தவர்களில் பலர் கடன் கொடுக்கும் ஏற்பாட்டில் இல்லை. கடன் கிடைத்தவருக்கும் கட்டணம் கனம். ஆக பாம் ரொம்ப ஏறிவிட்டது என்று நினைத்தவரால் விற்க முடியவில்லை, ஏறும் என்று நினைத்தவர் மட்டும் வாங்கிக்கொண்டே இருந்தார். வாரங்கள் போகப் போகக் கடனுக்குக் கிடைக்கும் பாம் பங்குகள் கூடின, அதோடு இடைவெளியும் சுருங்கி அந்தக் கழித்தல் மதிப்பு மறைந்தது. 3காம் மீதிப் பங்குகளைப் பிரித்துக் கொடுத்தது ஜூலையில்தான், அதற்கு முன்பே விஷயம் முடிந்திருந்தது.