மனைவி வேலையை விட்டால் வீட்டுக் கடனில் அவள் பங்கை யார் கட்டுவது?

கேள்வி: வீடு கட்ட நானும் கணவரும் கூட்டாக 50 இலட்சம் கடன் எடுத்தோம். 15 வருடம், வட்டி 12 வீதம், மாதத் தவணை 60,000. அவர் அரச உத்தியோகத்தர், கைக்கு 95,000 வரும். நான் தனியார் நிறுவனமொன்றில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். சம்பளம் 75,000, ஈபிஎப் கழித்துக் கைக்கு 69,000. தவணையில் அவர் 35,000, நான் 25,000 போடுகிறோம். வீட்டுச் செலவு 65,000 ஆகிறது. இன்னும் ஐந்து மாதத்தில் இரண்டாவது பிள்ளை. பிரசவ விடுமுறை முடிந்ததும் இரண்டு வருடம் வீட்டில் நிற்கப்போகிறேன். அப்போது கடனுக்கு நாலு வருடம் முடிந்திருக்கும். ‘கடன் காலத்தை நீட்டச் சொல்லிக் கேளுங்கள்’ என்கிறார்கள். காணி அம்மா சீதனமாகத் தந்தது, என் பெயரில் இருக்கிறது. அவர் தனியே கட்டும் காலத்துக்கு நான் அவருக்குக் கடன்காரியா? வீட்டில் அவருக்குப் பங்கு வருமா? — வாசகி, ஆரையம்பதி

பதில்: காலத்தை நீட்டும்படி இப்போதைக்குக் கேட்காதீர்கள் தங்கச்சி. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

நாலு வருடம் கட்டிய பிறகும் உங்கள் கடனில் ஏறக்குறைய 43 இலட்சத்து 87 ஆயிரம் மிச்சம் இருக்கும். தொடக்க வருடங்களில் தவணையின் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் 11 வருடத்தை 16 ஆக்கினால் தவணை 60,000இலிருந்து 51,500 அளவுக்குத்தான் இறங்கும். மாதம் 8,500 ரூபாய் மிச்சப்படுத்துவதற்காக, கடன் முடியும்போது சுமார் 19 இலட்சத்து 60 ஆயிரம் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள். இரண்டு வருடத்துக்குத் தவணையையே நிறுத்திவைத்து வட்டியை முதலோடு சேர்க்கச் சொன்னால் இன்னும் மோசம். 43.87 இலட்சம் 55 இலட்சத்தைத் தாண்டி நிற்கும். நீங்கள் வாங்கிய தொகையைவிட அது அதிகம்.

இடையில் இன்னொரு வழி இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு வட்டியை மட்டும் கட்டி, கடன் முடியும் திகதியை மாற்றாமல் வைப்பது. உங்கள் கடனுக்கு மாத வட்டி சுமார் 43,900. அதாவது மாதம் 16,100 ரூபாய் குறையும். ஒரு வருடம் இப்படிக் கட்டினால் அடுத்த பத்து வருடமும் தவணை ஏறக்குறைய 62,900 ஆகும். மொத்தத்தில் கூடுதலாகப் போவது 1 இலட்சத்து 60 ஆயிரத்துக்குள். வங்கியில் கேட்கும்போது ‘காலம் நீளக்கூடாது’ என்பதை வாயாலும் எழுத்தாலும் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் கடைசியில் ஒரு வருடத்தைச் சேர்த்துவிடுவார்கள். அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் 5 இலட்சத்துக்கு மேல் போய்விடும்.

ஆனால் வட்டி மட்டும் கட்டினாலும் அவருடைய 95,000இல் குடும்பம் ஓடாது. முழுத் தவணையும் கட்டினால் கையில் 35,000தான் மிஞ்சும். செலவு 65,000 என்றால் மாதம் 30,000 இடிக்கும். இரண்டு வருடத்துக்கு 7 இலட்சத்து 20 ஆயிரம். முதல் வருடம் வட்டி மட்டும் கட்டினால் அதில் 1 இலட்சத்து 93 ஆயிரம் குறையும், இரண்டாம் வருடம் தவணை ஏறுவதால் 35,000 கூடும். ஆகத் தேவைப்படுவது சுமார் 5 இலட்சத்து 62 ஆயிரம்.

அந்தக் காசு இருக்கிறது. இப்போது இரண்டு சம்பளத்திலும் தவணையும் செலவும் போக மாதம் 39,000 மிஞ்சுகிறதே, அதைத் தொடாமல் வையுங்கள். ஐந்து மாதச் சம்பளம், அதற்குப் பிறகு 84 வேலை நாள் சம்பளத்தோடு பிரசவ விடுமுறை. வாராந்த விடுமுறையும் போயாவும் அந்த 84இல் சேராது என்பதால் அது ஏறக்குறைய நாலு மாதம். ஒன்பது மாதத்தில் 3 இலட்சத்து 51 ஆயிரம் சேரும். முதல் மாதமே வேறு கணக்கில் போட்டுவிடுங்கள். சம்பளக் கணக்கில் கிடந்தால் பிள்ளைப்பெறு வீட்டுச் செலவோடு கரைந்துவிடும்.

அடுத்தது பணிக்கொடை. கேட்காமலே விட்டுவிடும் பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், ஆகவே இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் தர வேண்டும். நீங்களாகவே விலகினாலும் அது உண்டு. கடைசிச் சம்பளம் 75,000 என்றால் எட்டு வருடத்துக்கு 3 இலட்சம். விலகல் கடிதம் கொடுக்கும்போதே பணிக்கொடையையும் எழுத்தில் கேளுங்கள். விலகி 30 நாளுக்குள் தர வேண்டும். தராவிட்டால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

இரண்டும் சேர்ந்தால் 6 இலட்சத்து 51 ஆயிரம். தேவை போக 90,000 அளவில் கையிருப்பு நிற்கும். பெரிய தொகையல்ல, இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு காய்ச்சலுக்கும் ஒரு கூரைத் திருத்தத்துக்கும் காணும். ஈபிஎப்பில் 30 வீதம் எடுக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். அதற்குப் பத்து வருடப் பங்களிப்பு வேண்டும், உங்களுக்கு எட்டுத்தான் ஆகிறது. இருந்தாலும் அதைத் தொட வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

வங்கிக்கு எப்போது போவது? கடைசிச் சம்பளம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. ‘35க்கு 25’ என்ற உங்கள் பங்கீடு வீட்டுக்குள் உள்ளது. வங்கியைப் பொறுத்தவரை நீங்கள் இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் முழுக் கடனுக்கும் பொறுப்பு. ஒரு தவணை பிந்தினால் இருவர் பெயரிலும் கடன் தகவல் பணியகத்தில் பதிவாகும், மூன்று மாதம் பிந்தினால் கடன் செயற்படாக் கடனாகிவிடும். ஒழுங்காகக் கட்டிய நாலு வருடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும், இரண்டு தவணை தவறிய பிறகு கேட்பவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றல்ல. இருவரும் கையொப்பமிட்ட கடிதமாகக் கொடுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, என்ன காரணம், அவருடைய சம்பளச் சிட்டை, நீங்கள் சேர்த்துவைத்திருக்கும் கணக்கின் கூற்று. முகாமையாளர் ‘பார்ப்போம்’ என்று வாயால் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். புதிய தவணை அட்டவணையோடு எழுத்தில் வரும் வரைக்கும் 60,000ஐயே கட்டுங்கள்.

அந்தக் கடிதத்தோடு போகும்போது கடன் அனுமதிக் கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். 12 வீதம் முழுக் காலத்துக்கும் நிலையானதா, சில வருடத்துக்குப் பிறகு மாறுவதா? 2022 கடைசியில் வங்கிகளின் முதன்மைக் கடன் வட்டி 25 வீதத்தைத் தாண்டியதை நாமெல்லாம் பார்த்தோம். மாறும் திகதி நீங்கள் வீட்டில் நிற்கும் இரண்டு வருடத்துக்குள் விழுந்தால், மேலே சொன்ன கணக்கைப் புதிய வட்டியில் திரும்பப் போட வேண்டும்.

இனி, நீங்கள் கடன்காரியா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. வேலையை விடுவது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு, பிள்ளை இருவருக்கும் பிள்ளை. அப்படியும் கணக்குப் பார்ப்பதென்றால் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். உங்கள் சம்பளத்தில் நீங்கள் போடும் 8 வீதமும் முதலாளி போடும் 12 வீதமும் சேர்ந்து மாதம் 15,000 ஈபிஎப்புக்குப் போகிறது. ஈடிஎப் 3 வீதம், 2,250. இரண்டு வருடத்தில் 4 இலட்சத்து 14 ஆயிரம் உங்கள் முதுமைக்குச் சேராமல் போகும், வட்டி வேறு. அவருடைய ஓய்வூதியக் காலம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் போடாமல் விடும் பங்கு 25,000 வீதம் 6 இலட்சம். ஆனால் நீங்கள் சேர்த்த காசும் பணிக்கொடையும் அந்த இரண்டு வருடத்துக்குள் போகப்போகிறது. யார் யாருக்குக் கடன் என்று இதில் எப்படிச் சொல்வது? திரும்ப வேலைக்குப் போனதும் பழைய 25,000ஐ அப்படியே பிடிக்காமல், அன்றைய இரண்டு சம்பளத்தின் விகிதத்தில் புதிதாகப் பிரியுங்கள். இரண்டு வருடம் கழித்துப் போகிறவருக்குப் பழைய சம்பளமே கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் பங்கு என்பது தவணை கட்டுவதால் தானாக வராது. யாழ்ப்பாணத்துத் தேசவழமை நம் மட்டக்களப்பாருக்குப் பொருந்தாது, இங்கே பொதுச் சட்டம்தான். மனைவி பெயரில் உள்ள காணி மனைவியுடையது. அதை மாற்ற நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சியோடு உறுதி எழுத வேண்டும் என்று 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. ஈட்டில் உள்ள காணி என்பதால் வங்கியின் சம்மதமும் வேண்டும்.

ஆனால் அவருடைய பக்கத்தையும் நான் நினைத்துப் பார்க்கிறேன். தன் பெயரில் இல்லாத வீட்டுக்கு அவர் முழுக் கடனுக்கும் கையொப்பம் வைத்திருக்கிறார், இனித் தனியாகவும் கட்டப்போகிறார். பாதியை எழுதிக் கொடுக்க உங்களுக்கு மனம் இருந்தால் அது உங்கள் விருப்பம். அம்மாவின் சீதனம் என்பதால் வேண்டாம் என்று நினைத்தாலும் தவறில்லை. எதுவானாலும் இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் பார்க்க மறப்பது. கடனுக்கு எடுத்த ஆயுள் காப்புறுதி யாருடைய உயிர் மீது இருக்கிறது? கூட்டுக் கடனில் சிலவேளை ஒருவர் மீது மட்டும் இருக்கும், சிலவேளை இருவருக்கும் பாதி பாதி. பாதிதான் அவர் மீது என்றால், அவருக்கு ஏதும் நேர்ந்தால் சம்பளமில்லாத உங்கள் தலையில் 20 இலட்சத்துக்கு மேல் விழும். அந்த இரண்டு வருடமும் குடும்பத்தின் ஒரே வருமானம் அவருடையது. ஆகவே முழுக் கடனும் அவர் மீது காப்புறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். மேலும் அந்தக் காப்புறுதித் தொகை பழைய தவணை அட்டவணைப்படி வருடாவருடம் குறைந்துகொண்டு போவது. வட்டி மட்டும் கட்டும் அந்த ஒரு வருடமும் கடனின் முதல் தொகை குறையாமல் நிற்கும்போது, மிச்சக் கடன் காப்புறுதித் தொகையை முந்திவிடும். வங்கியில் புதிய அட்டவணையை வாங்கும் அன்றே அதன் பிரதியைக் காப்புறுதிக்காரரிடம் கொடுத்து, வித்தியாசத்துக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேளுங்கள்.