அத்தான் ஊருக்கு வருவதற்குள் பழைய கார் பார்த்து வைப்பது எப்படி?

கேள்வி: குவைத்தில் இருக்கும் எங்கள் அத்தான் எழுதியிருக்கிறார்: "மாப்ள, மார்கழிக்குள்ள ஊருக்கு வந்துருவேன். அஞ்சு லட்சத்துக்குள்ள நல்ல பழைய காரா மூணு நாலு பார்த்து வை. ரொம்பப் பிடிச்சா அட்வான்ஸ் கொடுத்து உன் பேர்லயே மாத்தி வச்சிரு, வந்து பார்த்துக்கலாம்." எனக்கு பைக் ஓட்டத் தெரியும், கார் பற்றி ஒன்றும் தெரியாது. எப்படிப் பார்ப்பது? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அத்தான் எழுதியதில் கடைசி வரியை மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பெயருக்கு ஒரு முறை, அவர் வந்த பிறகு அவர் பெயருக்கு ஒரு முறை என்று மாற்றினால், இரண்டாவது ஓனர் ஆகியிருக்க வேண்டியவர் ஆர்சியில் மூன்றாவது ஓனர் ஆகிவிடுவார். நாளை விற்கும்போது விலை இறங்கும். அதற்குள் வண்டி எங்காவது இடித்துவிட்டால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் வழக்கில் ஓனர். உச்ச நீதிமன்றம் 2018-இல் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அதனால் வண்டியை வாங்குவது அத்தான் வேலை. ஆகாத வண்டிகளைக் கழித்துவிடுவது உங்கள் வேலை. கார் பற்றி அதிகம் தெரியாதவராலும் இதைச் செய்ய முடியும்.

பாதி வண்டிகளை வீட்டில் உட்கார்ந்தே கழித்துவிடலாம். விற்பவரிடம் நம்பரை வாங்கி mParivahan செயலியில் போட்டுப் பாருங்கள். பதிவான தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் எது வரை என்று காட்டும். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம்தான். 2012 வண்டி என்றால் 2027-இல் ஆர்டிஓவுக்குப் போய் எஃப்சி காட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஆர்சியில் பேங்க் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான என்ஓசியும், பேங்க் பெயரை நீக்கும் ஃபார்ம் 35-ம் கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "கட்டியாச்சு, வாங்கித் தர்றேன்" என்றால், வாங்கிய பிறகு கூப்பிடச் சொல்லுங்கள். நம்ம பக்கம் கேஎல் நம்பர் வண்டி விலை குறைவாக வரும். அந்த ஊர் ஆர்டிஓவில் என்ஓசி வாங்கி, இங்கே வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்துப் பார்த்தால் பல நேரம் லாபம் ஒன்றும் மிஞ்சாது.

மிச்சமிருக்கும் வண்டிகளை நேரில் போய்ப் பாருங்கள். காலையிலேயே போவது நல்லது. நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று முந்தைய நாளே சொல்லிவிடுங்கள். போனதும் முதலில் பானட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடலாம். எஞ்சினின் நோய் குளிர்ந்த ஸ்டார்ட்டில்தான் தெரியும். சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். காலையில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது இயல்புதான், எஞ்சின் சூடேறிய பிறகும் அது நிற்கவில்லை என்றால் கூலன்ட் உள்ளே போகிறதோ என்று சந்தேகப்படலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு ஆயில் மூடியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலேடு மாதிரி வெளுத்த பசை அப்பியிருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறது. சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள்.

சாவியை ஆன் செய்யும்போது மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் கோளாறு என்று எல்லோருக்கும் தெரியும். ஏர்பேக் இருக்கும் வண்டியில் அது எரியவே இல்லை என்றால், யாரோ கோளாறை மறைக்க விளக்கையே செயலிழக்க வைத்திருக்கலாம். அப்படிப்பட்ட வண்டி வேண்டாம்.

அடிபட்ட வண்டியைக் கண்டுபிடிக்க பெயின்ட் பளபளப்பைப் பார்த்துப் பயனில்லை. கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். கம்பெனி வெல்டிங் என்றால் சிறு வட்டக் குழிகள் ஒரே சீராக வரிசையில் இருக்கும். குழி இல்லாமல் மழுங்கியிருந்தாலோ, ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் வேறு மாதிரியும் இருந்தாலோ, கதவைத் தாங்கும் தூணான பில்லரை வெட்டி ஒட்டியிருக்க வாய்ப்புண்டு. பானட்டைத் திறந்தால் முன் சக்கரத்துக்கு மேல் இருக்கும் தகடான ஃபெண்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் தெரியும். அதில் பெயின்ட் உரிந்து ஸ்பேனர் தடம் இருந்தால் ஃபெண்டரைக் கழற்றியிருக்கிறார்கள். பம்பரோ ஃபெண்டரோ மாற்றியிருந்தால் பெரிய விஷயமில்லை, நம்ம ரோட்டில் உரசாத வண்டி ஏது? அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். பில்லரிலோ, எஞ்சின் இருபக்கமும் இருக்கும் ஏப்ரனிலோ, ஸ்டெப்னிக்கு அடியில் இருக்கும் தரையிலோ கை வைத்திருந்தால் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

உங்கள் ஊரில் வெள்ளத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடி வெள்ளத்தில் நின்ற கார்களும் சந்தைக்கு வந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வாட்டர் வாஷ் செய்பவர்கள் வெளியே தெரியும் பகுதியைத்தான் கழுவுவார்கள், சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கறை அப்படியே இருக்கும். சீட் அடியில் ரெயிலும் போல்ட்டும் துருப்பிடித்திருக்கிறதா, கார்ப்பெட்டைத் தூக்கினால் மண் படிந்திருக்கிறதா, உள்ளே சென்ட் வாசம் தூக்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வண்டி இன்றைக்கு நன்றாகவே ஓடும். வயர் இணைப்புகளில் பச்சை பூத்து, பல மாதம் கழித்துத்தான் ஒவ்வொன்றாகக் கோளாறு காட்டும். அதனால்தான் மெக்கானிக் கூட இதில் ஏமாறுகிறார்.

ஒரு உதாரணம். மூன்று வண்டி பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2017 வேகன்ஆர், முதல் ஓனர், கேட்பது நாலு லட்சம், முன் பம்பர் மாற்றியது. 2016 ஸ்விஃப்ட் டீசல், இரண்டாவது ஓனர், நாலரை லட்சம், பளபளப்பு, மீட்டரில் 48,000 கிலோமீட்டர். 2018 டிசையர், நாலேகால் லட்சம், சீட் பெல்ட் உள்ளே மண் கறை. டிசையர் அங்கேயே போச்சு. ஸ்விஃப்ட்டில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டியரிங் பிடி மினுங்குகிறது. 48,000-க்கு அவ்வளவு தேயாது. ஓனரைக் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் பழைய பில்களில் கிலோமீட்டரை ஒப்பிட வேண்டும். அவர் வர மறுத்தால் அதையும் விட்டுவிடுங்கள். விலையும் வருடமும் சுமார்தான் என்றாலும் வேகன்ஆர்தான் பட்டியலில் நிற்கும்.

அத்தானுக்கு "சூப்பர் வண்டி" என்று வாய்ஸ் அனுப்பாதீர்கள். எல்லா வண்டிக்கும் ஒரே வரிசையில், வெட்டாத ஒரே வீடியோவாக எடுங்கள். நம்பர் பிளேட்டில் தொடங்கி, பானட்டில் கை வைப்பது, ஸ்டார்ட், மீட்டர் விளக்குகள், புகை, நான்கு கதவு பீடிங், சீட் பெல்ட், ஸ்டெப்னி குழி, கடைசியில் சேஸிஸ் நம்பர். அவர் அங்கே இருந்தே ஒப்பிட்டுக்கொள்வார்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அவர் வரும் தேதி உறுதியான பிறகு சிறு தொகையை ஆர்சியில் பெயர் உள்ளவரின் அக்கவுன்ட்டுக்கே அனுப்பச் சொல்லுங்கள். நம்பர், சேஸிஸ் நம்பர், மொத்த விலை, எந்தத் தேதிக்குள் மீதி, ஆர்சியில் சிக்கல் வந்தால் பணம் திரும்ப வரும் என்பதெல்லாம் எழுதி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பெயர் மாற்றும் ஃபார்ம் 29, 30-இல் வாங்குபவராக அத்தான் பெயரே இருக்கட்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளைம் போனஸ் பழைய ஓனருடையது, வண்டியோடு வராது. அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும் என்பதை இப்போதே அவரிடம் சொல்லிவையுங்கள்.