ஹார்டுவேர் கடையில் கணக்கு பார்த்ததை ஏன் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்?

"சார், 2025-இல் திண்டுக்கல்லில் பி.காம். முடித்தேன். கோயம்புத்தூரில் அக்கவுண்ட்ஸ் வேலை தேடுகிறேன். லிங்க்ட்இன் பக்கத்தில் About என்ற இடத்தில் 'கடின உழைப்பாளி, புதியவற்றைக் கற்பதில் ஆர்வம் உள்ளவன், சவாலான வேலை தேடுகிறேன்' என்று போட்டிருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை. வேலை அனுபவம் இல்லை. அப்பாவின் ஹார்டுவேர் கடையில் டேலியில் பில் ஏற்றுவேன், ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்த்து ஆடிட்டர் ஆபீஸில் கொடுப்பேன், அவ்வளவுதான். அங்கே என்னதான் எழுதுவது?"

'அவ்வளவுதான்' என்று முடித்தீர்களே, அதற்கு முன்னால் இருக்கிற வரிதான் நீங்கள் எழுத வேண்டியது. சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்கு அக்கவுண்ட்ஸ் ஆள் எடுத்துக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலை. இந்த மாதிரி வேலைக்கு வரும் புதுப் பட்டதாரிகளில் பாதிப் பேர் வீட்டுக் கடையிலோ மாமாவின் ஏஜென்சியிலோ கணக்கு எழுதியவர்கள்தான், ஆனால் அதை எங்குமே சொல்லாமல் 'கடின உழைப்பாளி' என்று மட்டும் எழுதி வைத்திருப்பார்கள். சம்பளச் சீட்டு வராத வேலை வேலையே இல்லை என்று நினைப்பதால் வருகிற வினை இது.

சரி, உங்கள் கடைக் கணக்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஜிஎஸ்டி கணக்கைச் சரிபார்ப்பேன் என்றீர்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடும் கடை என்றால், முந்தைய மாதத்து GSTR-2B என்ற பட்டியல் ஒவ்வொரு மாதமும் 14ஆம் தேதி ஜிஎஸ்டி போர்ட்டலில் வந்துவிடும், உங்கள் சப்ளையர்கள் தங்கள் விற்பனை ரிட்டர்னான GSTR-1-இல் காட்டிய பில்கள்தான் அதில் இருக்கும். பெயிண்ட் கம்பெனி டீலர் சரக்கைக் கொடுத்துவிட்டு ரிட்டர்னில் அந்த பில்லைக் காட்டாமல் விட்டிருந்தால், அந்த வரியை அப்பா உள்ளீட்டு வரியாக அந்த மாதம் எடுக்க முடியாது, கையிலிருந்து கட்ட வேண்டும். அதனால் டேலியில் இருக்கும் கொள்முதலையும் 2B-யையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த டீலருக்குப் போன் போட்டு நச்சரிக்க யாராவது வேண்டும். கோயம்புத்தூரில் நீங்கள் தேடும் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலையில் பெரிய பங்கு இதுதான், நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறீர்கள். (கடை காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் உள்ளீட்டு வரியே கிடையாது, அப்போது இந்த விஷயத்தை எழுத வேண்டாம். கொள்முதல், விற்பனைப் பதிவு, வாடிக்கையாளர் பாக்கி வசூல் பட்டியல் என்று வேறு பக்கம் போகலாம்.)

எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு எண் எடுத்து வையுங்கள். டேலி பிரைமில் Alt+G அழுத்தி Statistics என்று தட்டினால், அந்தக் காலத்துக்குள் எத்தனை கொள்முதல் வவுச்சர், எத்தனை விற்பனை வவுச்சர் என்று எண்ணிக் காட்டிவிடும். ஒரு வருடத்துக்கு வைத்துப் பார்த்து பன்னிரண்டால் வகுத்தால் மாதக் கணக்கு வந்துவிடும். 'நிறைய பில்கள்' என்று எழுதினால் ஆள் எடுப்பவருக்கு ஒன்றும் புரியாது, 'மாதம் 60 கொள்முதல் பில்' என்று எழுதினால் கடையின் அளவும் உங்கள் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்பதும் உடனே புரியும். எண் சின்னதாக இருக்கிறதே என்று கூச்சப்பட்டுக் கூட்டிப் போடாதீர்கள். ஒரு ஹார்டுவேர் கடையில் மாதம் ஆயிரம் கொள்முதல் பில் என்று எழுதினால் தெரிந்தவர்கள் சிரித்துவிடுவார்கள்.

இப்போது லிங்க்ட்இனின் அந்த About பெட்டியைப் பற்றி. அதில் 2,600 எழுத்துகள் வரை எழுதலாம், இடைவெளியும் அதில் சேர்த்தி. அத்தனையும் நிரப்ப வேண்டிய கட்டாயம் இல்லை, உங்களுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கே தாராளம். முக்கியமானது என்னவென்றால், பக்கத்தைத் திறப்பவருக்கு முதல் சில வரிகள் மட்டும்தான் தெரியும், மீதி மடங்கிக் கிடக்கும், தட்டினால்தான் விரியும். போனில் பார்த்தால் இன்னும் குறைவு. உங்கள் முதல் வரியில் இப்போது 'கடின உழைப்பாளி' உட்கார்ந்திருக்கிறார். அந்த இடத்தில் படிப்பு, எந்த வேலை வேண்டும், எந்த ஊரில், எந்த மென்பொருள் தெரியும் என்ற நான்கும் வந்துவிட வேண்டும். ஆள் தேடுபவர் தேடல் பெட்டியில் Tally, GST, accounts என்றுதான் தட்டுவார், 'ஆர்வம்' என்று யாரும் தட்ட மாட்டார்கள்.

உங்களுக்காக எழுதிப் பார்த்தேன். நீங்கள் ஆங்கிலத்தில்தான் போடப் போகிறீர்கள் என்று தெரியும், ஆனாலும் வேண்டுமென்றே தமிழில் தருகிறேன். ஆங்கிலத்தில் கொடுத்தால் அப்படியே ஒட்டிவிடுவீர்கள், அடுத்த மாதம் இதே வரிகள் ஐம்பது பேர் பக்கத்தில் என் கண்ணில் படும்.

"பி.காம். 2025, திண்டுக்கல். கோயம்புத்தூரில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை தேடுகிறேன், உடனே சேர முடியும். டேலி பிரைமில் கொள்முதல், விற்பனை பதிவும், ஜிஎஸ்டி 2பி ஒப்பிடலும் செய்து பழக்கம்.

கல்லூரியில் படித்த கடைசி இரண்டு வருடமும் மாலை நேரங்களில் எங்கள் குடும்ப ஹார்டுவேர் கடையின் கணக்கைப் பார்த்தேன். மாதம் சுமார் 60 கொள்முதல் பில்களை டேலியில் ஏற்றுவேன். 14ஆம் தேதிக்குப் பிறகு 2பி-யை எக்செலில் இறக்கி, சப்ளையரின் ஜிஎஸ்டி எண்ணையும் பில் எண்ணையும் வைத்து ஒப்பிட்டு, வராத பில்களைப் பட்டியல் போடுவேன். சப்ளையரிடம் பேசுவதும் நான்தான். ரிட்டர்ன் தாக்கல் செய்வது எங்கள் ஆடிட்டர் அலுவலகம்.

ஒரே பில்லை நாங்கள் 45 என்றும் சப்ளையர் 0045/25-26 என்றும் பதிந்திருப்பதால்தான் பல பில்கள் பொருந்தாமல் போகின்றன என்று கவனித்தேன். அதன்பிறகு பில்லில் அச்சாகியிருப்பதை அப்படியே ஏற்றத் தொடங்கினோம்.

டிடிஎஸ்ஸும் சம்பளக் கணக்கும் பாடமாகப் படித்திருக்கிறேன், நேரில் செய்ததில்லை."

60 என்பதும் இரண்டு வருடம் என்பதும் நான் குத்துமதிப்பாகப் போட்டவை, உங்கள் எண்களைப் போடுங்கள். மூன்றாவது பத்தியும் என் ஊகம்தான். ஆனால் 2B ஒப்பிட்ட யாருக்கும் இந்த மாதிரி ஒரு தலைவலி இருந்திருக்கும். உங்களுடையது வேறாக இருக்கலாம், ஒரே டீலருக்கு இரண்டு லெட்ஜர் இருந்ததாகவோ, பில் தேதி ஒரு மாதமும் சரக்கு வந்தது அடுத்த மாதமுமாக இருந்ததாகவோ. அதை நினைவுபடுத்தி எழுதுங்கள். முழுப் பக்கத்திலும் அந்தப் பத்தியைத்தான் நான் இரண்டு தடவை படிப்பேன், ஏனென்றால் வேலையைச் செய்யாதவரால் அதை எழுத முடியாது.

'தாக்கல் செய்வது ஆடிட்டர் அலுவலகம்' என்ற வரியை எடுத்துவிடலாமா என்று உங்களுக்குத் தோன்றும். எடுக்காதீர்கள். அது இல்லையென்றால் நேர்முகத்தில் முதல் கேள்வியே 'GSTR-3B போட்டிருக்கிறீர்களா' என்று வரும், நீங்கள் திணறுவீர்கள், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. எக்செலில் கைதேர்ந்தவன் என்று எழுதிய ஒரு பையனை ஒருமுறை நான் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினேன். அங்கே இரண்டு பட்டியலைக் கொடுத்து VLOOKUP சூத்திரம் போட்டு ஒப்பிடச் சொன்னார்கள், பையன் கண்ணால் பார்த்து ஒவ்வொன்றாக டிக் அடித்தான். திட்டு எனக்கு விழுந்தது. எழுதிய ஒவ்வொரு வரியைப் பற்றியும் இரண்டு நிமிடம் பேச முடியுமா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள், முடியாததை அடித்துவிடுங்கள். அதே காரணத்துக்காக அப்பாவின் கடையில் உங்களை 'அக்கவுண்ட்ஸ் மேனேஜர்' ஆக்கிக்கொள்ள வேண்டாம். குடும்பக் கடை, பகுதிநேரம் என்று சொல்வதில் ஒரு குறைச்சலும் இல்லை.

கடைசி வருட புராஜெக்ட்டைச் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 'திண்டுக்கல் நகர வாடிக்கையாளர்களின் திருப்தி குறித்த ஓர் ஆய்வு' என்ற வகை என்றால் வேண்டாம், அதே தலைப்பை ஊர் பெயர் மட்டும் மாற்றி எல்லாரும் வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களிடம் நீங்களே நேரில் போய் கடன் பாக்கி பற்றிக் கேட்டிருந்தால், எத்தனை பேர், என்ன தெரிந்தது என்று ஒரு வரி எழுதலாம்.

ஆங்கிலத்தில் எழுதும்போது பெரிய வார்த்தை தேடாதீர்கள். முதலில் தமிழில் என்னிடம் சொல்வதுபோல எழுதுங்கள், பிறகு செய்தேன், ஏற்றினேன், ஒப்பிட்டேன் என்று வினைச்சொல் வினைச்சொல்லாக மாற்றுங்கள். அந்தப் பெட்டியில் தடித்த எழுத்து வசதி கிடையாது, அதற்காக இணையத்தில் கிடைக்கும் அலங்கார எழுத்து மாற்றிகளைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கண்ணுக்கு T போலத் தெரிந்தாலும் கணினிக்கு அது வேறு குறியீடு, கணிதச் சின்னம். அப்படி எழுதிய Tally தேடலில் சிக்காமல் போகலாம், பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பானும் அதைத் தாறுமாறாகப் படிக்கும். பத்திகளுக்கு நடுவே ஒரு வெற்று வரி விட்டால் போதும்.

தொடர்புக்கு மின்னஞ்சல் மட்டும் போடுங்கள், முடிந்தால் வேலை தேடவென்றே தனியாக ஒன்று. போன் நம்பர் வேண்டாம். About பகுதி உங்கள் வட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தெரியும், புதுப் பட்டதாரி என்று பார்த்ததும் 'வேலை ரெடி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்' என்று கூப்பிடும் கூட்டம் ஒன்று இருக்கிறது. பணம் கேட்டால் அது வேலை இல்லை, போனை வைத்துவிடுங்கள். எல்லாம் போட்டுச் சேமித்த பிறகு ஒரு நண்பரின் போனில் உங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, எதையும் விரிக்காமல், என்ன வேலை தேடுகிறான் என்று கேளுங்கள். 'கோயம்புத்தூர், அக்கவுண்ட்ஸ், டேலி' என்று சொல்லாவிட்டால் முதல் வரியை இன்னும் சுருக்க வேண்டும்.