மேற்படிப்புக்காக விலகும் நர்ஸ்: ராஜினாமாவை ஏற்பது முதல் கணக்கு முடிப்பது வரை

கேள்வி: திருச்சி பக்கம் 60 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனையில் நிர்வாக மேலாளராக இருக்கிறேன். ஐசியூ ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர் எம்.எஸ்சி. நர்சிங் சேருவதற்காக ஜூலை 1 தேதியிட்டு ராஜினாமா கொடுத்திருக்கிறார். 30 நாள் நோட்டீஸ். ஆனால் 20-ஆம் தேதியே விடுவிக்கச் சொல்கிறார். 2020 ஜூன் 3-இல் சேர்ந்தவர். ஏற்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும், எதையெல்லாம் ஒப்படைக்கச் சொல்ல வேண்டும், கணக்கை எப்படி முடிப்பது?

பதில்: முதலில் கடிதம். "உங்கள் ராஜினாமா ஏற்கப்பட்டது" என்று ஒற்றை வரியில் கொடுத்துவிடாதீர்கள். பின்னால் வரும் தகராறு பெரும்பாலும் கடைசி வேலை நாள் எது, குறையும் நோட்டீஸ் நாட்களுக்கு என்ன முடிவு என்ற இரண்டு விஷயங்களில்தான். இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"01.07.2026 தேதியிட்ட தங்கள் ராஜினாமா கடிதம் அன்றே கிடைத்தது, அது ஏற்கப்படுகிறது. தங்கள் கோரிக்கைப்படி 20.07.2026 மாலை பணி முடிவில் விடுவிக்கப்படுவீர்கள். நோட்டீஸில் குறையும் 11 நாட்கள் தங்கள் கணக்கில் உள்ள ஈட்டிய விடுப்பிலிருந்து சரிசெய்யப்படும். 17.07.2026-க்குள் ஐசியூ இன்சார்ஜ் சிஸ்டரிடம் பொறுப்புகளை ஒப்படைக்கவும். சம்பளக் கணக்கு 22.07.2026-க்குள் முடிக்கப்படும்."

"ஒப்படைப்பு முடிந்தால் மட்டுமே ராஜினாமா ஏற்கப்படும்" என்று நிபந்தனை போட வேண்டாம். அப்படிப் போட்டால் அவர் விலகிவிட்டாரா, இன்னும் பணியில்தான் இருக்கிறாரா என்பதே குழப்பமாகிவிடும். ஏதாவது பொருள் வர வேண்டியிருந்தால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஒப்படைப்பைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கடைசி நாள் நைட் டியூட்டி முடிந்து காலை ஏழரை மணிக்கு, ஷிஃப்ட் மாறும் அவசரத்தில் எண்ணினால் எதுவும் சரிவராது. பகலில், இன்சார்ஜ் சிஸ்டரும் மருந்தாளுநரும் கூட இருக்கும்போது எண்ணுங்கள். மூன்று நாள் இடைவெளி இருந்தால் குறை தெரிந்தாலும் தேடிச் சரிசெய்யலாம்.

ஐசியூவில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது போதை மருந்து அலமாரி. ரிஜிஸ்டரில் ஃபென்டானில் இருப்பு 14 ஆம்ப்யூல் என்று இருந்து அலமாரியிலும் 14 இருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. கடைசியாகத் திருப்பிக் கொடுத்த நாளிலிருந்து செலவான ஆம்ப்யூல்களின் காலி கண்ணாடிகளையும் எண்ணுங்கள். ஒவ்வொன்றுக்கும் டாக்டரின் உத்தரவு கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டும். பாதி கொடுத்து மீதியைக் கொட்டியிருந்தால் சாட்சியாக இன்னொருவர் கையெழுத்தும் வேண்டும். கையெழுத்து விட்டுப்போன வரிகள் அநேகமாக நைட் ஷிஃப்டில்தான் இருக்கும். அவர் இருக்கும்போதே அவற்றைத் தீர்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு வரவழைத்துப் பழைய தேதியில் கையெழுத்து வாங்குவது பதிவேட்டுத் திருத்தம். அதைச் செய்யவே கூடாது. எண்ணி முடித்ததும் அலமாரிச் சாவி யாரிடம் எத்தனை மணிக்குப் போனது என்று ரிஜிஸ்டரிலேயே எழுதி இருவரும் கையெழுத்திடட்டும்.

மருத்துவமனை மென்பொருளில் அவருடைய லாகின் இன்னொரு தலைவலி. நிலுவையில் இருக்கும் நர்சிங் நோட்ஸ், மருந்துப் பதிவுகளை முடிக்கும்வரை அதை மூடாதீர்கள். 20-ஆம் தேதி மாலை மறக்காமல் மூடுங்கள். பல வார்டுகளில் பாஸ்வேர்டு எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நர்ஸ் போய்ப் பத்து நாளான பிறகும் அவர் பெயரில் மருந்து கொடுத்ததாகப் பதிவாகும். ஏதாவது வழக்கு வந்தால் அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. அடையாள அட்டை, லாக்கர் சாவி, சீருடை வாங்குவதெல்லாம் வழக்கமான நோ டியூஸ் படிவத்தில் முடிந்துவிடும். போட்டுப் பழசான சீருடைக்குப் பணம் பிடிப்பது நியாயமில்லை.

இனி பணம். 2025 நவம்பர் 21 முதல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ராஜினாமா செய்தவருக்கும் பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். "அடுத்த மாதச் சம்பளத்தோடு சேர்த்து வரும்" என்ற பழைய பழக்கம் இனி செல்லாது. 20-ஆம் தேதி திங்கள். எனவே புதன்கிழமைதான் கெடு.

உதாரணமாக மாதச் சம்பளம் ரூ.24,000, அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து ரூ.14,000 என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் 20 நாள் சம்பளம் 24,000 × 20 ÷ 31, அதாவது ரூ.15,484. ஈட்டிய விடுப்பு 18 நாள் இருக்கிறது என்றால் நோட்டீஸுக்கு 11 போக 7 நாள் மிச்சம். உங்கள் விதி அடிப்படைச் சம்பளத்தை 30-ஆல் வகுப்பது என்றால் 7 நாளுக்கு ரூ.3,267. மொத்தம் ரூ.18,751. இதில் 20 நாள் அடிப்படைக்கு 12 சதவீத பி.எஃப். ரூ.1,084 போக, கைக்கு ரூ.17,667. இஎஸ்ஐ பிடித்தம் இல்லை என்று கொண்டிருக்கிறேன். தொழில் வரி பாக்கி இருந்தால் அதையும் கழியுங்கள்.

நோட்டீஸ் குறைவை நாளுக்கு நாள் விடுப்பில் கழிக்கச் சொன்னது வேண்டுமென்றேதான். பணமாகப் பிடித்தால் முழுச் சம்பளக் கணக்கில் 11 நாளுக்கு ரூ.8,800 போய்விடும். விடுப்புக்கு அடிப்படைச் சம்பளத்தில் கொடுத்துவிட்டு நோட்டீஸுக்கு முழுச் சம்பளத்தில் பிடிப்பதுதான் அதிகமாகச் சண்டையில் முடிகிறது. நியமனக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்து ஆண்டைத் தாண்டிவிட்டதால் பணிக்கொடையும் உண்டு. 6 ஆண்டு 1 மாதம் சொச்சம் என்பதால் 6 ஆண்டு. ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால்தான் 7 ஆகும். 14,000 × 15 ÷ 26 × 6, ஆக ரூ.48,462. கெடு 30 நாள், அதாவது ஆகஸ்ட் 19. நோட்டீஸ் பாக்கியை இதில் பிடிக்கக் கூடாது. இன்னொன்று: அடிப்படையை ரூ.9,000 என்று குறைத்து, மீதி ரூ.15,000-ஐ அலவன்ஸாகக் காட்டியிருந்தாலும் கணக்கு 9,000-இல் நிற்காது. மொத்தத்தில் பாதியைத் தாண்டும் அலவன்ஸ் ரூ.3,000 ஊதியத்தோடு சேர்ந்து ரூ.12,000 ஆகிவிடும்.

கடைசியாகச் சான்றிதழ்கள். எம்.எஸ்சி. நர்சிங் சேர்க்கைக்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பி.எஸ்சி.க்குப் பிறகு ஓராண்டு பணி அனுபவம் வேண்டும். அதனால் அனுபவச் சான்றில் பதவி, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாநில கவுன்சில் பதிவு எண் எல்லாம் தெளிவாக இருக்கட்டும். கவுன்சில் பதிவு வருவதற்கு முன்பே வேலையில் சேர்த்திருந்தால் அந்த நாட்களை ஸ்டாஃப் நர்ஸ் அனுபவமாகக் காட்டாதீர்கள். அசல் பட்டம், மதிப்பெண் பட்டியல் உங்களிடம் இருந்தால் 20-ஆம் தேதியே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிடுங்கள். அவற்றைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் உங்களுக்கு உரிமை தரவில்லை. கல்லூரி சரிபார்ப்பு நாளில் அசல் இல்லாமல் போனால் அவருக்கு இடமே போய்விடும்.

ஜூலை மாத பி.எஃப். செலுத்தியதும் இபிஎஃப்ஓ தளத்தில் அவருடைய யூஏஎன்-இல் விலகிய தேதியாக 20.07.2026-ஐப் பதிவு செய்யுங்கள். மாதக் கடைசியான 31 என்று போட்டுவிட வேண்டாம். ரிலீவிங் ஆர்டரில் ஒரு தேதியும் பி.எஃப்.-இல் வேறு தேதியும் இருந்தால், அடுத்த வேலையில் பழைய கணக்கை மாற்றும்போது அவர் உங்களிடம்தான் திருத்தம் கேட்டு வந்து நிற்பார்.