24 காலில் 22 டார்கெட்: சந்தா கட்டும் முன் ஒரு கணக்கு

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் டெலிகிராமில் நிஃப்டி ஆப்ஷனில் எதை எந்த விலைக்கு வாங்குவது, விற்பது என்று 'கால்' தரும் கட்டணக் குழுக்களைப் பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஐந்தாக்கியிருக்கிறேன். முதல் பதில்தான் நீளம்.

மாதம் 3,000 ரூபாய் சந்தா. போன மாதம் 24 காலில் 22 டார்கெட் அடித்ததாகவும் மொத்தம் 600 பாயிண்டுக்கு மேல் லாபம் என்றும் பட்டியல் போட்டிருக்கிறார்கள். ஒரு நண்பர் உள்ளே இருக்கிறார், பதிவுகள் எல்லாம் நிஜம் என்கிறார். நம்பலாமா? (திருப்பூர்)

பதிவுகள் நிஜமாகவே இருக்கலாம். பட்டியல் எந்த விலையில் தொடங்கி எந்த விலையில் முடிகிறது என்பதுதான் கேள்வி. நண்பரிடமிருந்து நீங்கள் அனுப்பிய 24 பதிவுகளையும், அன்றன்றே அவர் எடுத்து வைத்திருந்த ஒரு நிமிட சார்ட் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

காலை 9:47-க்கு வந்த கால் இது: நிஃப்டி 24800 சிஇ, 110–120-க்குள் வாங்கவும், எஸ்எல் 90, டார்கெட் 130, 150, 180. சிஇ என்பது நிஃப்டி ஏறும் என்று வாங்கும் ஆப்ஷன், எஸ்எல் என்பது நஷ்டத்தை நிறுத்த வெளியேறும் விலை. பதிவு வந்தபோது பிரீமியம், அதாவது ஆப்ஷனின் விலை, 118. நோட்டிஃபிகேஷனைப் பார்த்து, ஆப்பைத் திறந்து, ஸ்ட்ரைக்கைத் தேடி ஆர்டர் போட இரண்டு நிமிடமாவது ஆகும். 9:49-இல் விலை 123. 9:58-க்கு 130-ஐத் தொட்டது. அப்புறம் சரிந்து 10:40-க்கு 90-க்கு வந்தது. மதியம் இரண்டரைக்கு மறுபடி ஏறி 152. மாலையில் குழு போட்டது: "110 டூ 152, 42 பாயிண்ட், இரண்டு டார்கெட் டன்!"

பதிவு வந்ததும் அந்த 110-க்கு யாரும் வாங்கியிருக்க முடியாது. 9:47-க்குப் பிறகு விலை 110-க்கு இறங்கியது சரிவில்தான். அந்த நேரத்தில் துணிந்து வாங்கியவருக்கும் 10:40-க்கு எஸ்எல் அடித்திருக்கும். நீங்கள் 123-க்கு வாங்கி முதல் டார்கெட்டில் வெளியேறியிருந்தால் 7 பாயிண்ட் லாபம். இரண்டாவது டார்கெட்டுக்குக் காத்திருந்தால் எஸ்எல்லில் 33 பாயிண்ட் நஷ்டம். ஒரே காலுக்கு 42, 7, மைனஸ் 33 என்று மூன்று விடை. குழு எப்போதும் முதல் விடையைத்தான் எழுதும்.

அதனால் கணக்குப் போடும் முன்பே விதியை முடிவு செய்துவிட வேண்டும். நான் வைத்துக்கொண்ட விதி இது: பதிவுக்கு இரண்டு நிமிடம் கழித்து உள்ள விலையில் வாங்கியதாகக் கொள்வது, முதல் டார்கெட், எஸ்எல் இரண்டில் எது முதலில் வருகிறதோ அங்கே முழுவதும் வெளியேறுவது. பாதி பாதியாக விற்கும் விதியும் வைக்கலாம், தப்பில்லை. ஒரு காலுக்கு ஒரு விதி, இன்னொன்றுக்கு இன்னொன்று என்று மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

இந்த விதிப்படி 17 கால்கள் டார்கெட்டை முதலில் தொட்டன, 7 கால்கள் எஸ்எல்லை. குழு சொல்லும் 22 எங்கிருந்து வந்தது? அந்த ஏழில் ஐந்து, எஸ்எல் அடித்த பிறகு திரும்பி மேலே வந்தவை. எஸ்எல் போட்டவர் வெளியே போயாயிற்று, குழு மட்டும் "டார்கெட் டன்" போட்டுவிட்டது. எஸ்எல்லை அவர்களே ஒப்புக்கொண்டது இரண்டே முறை.

லாபம் வந்த கால்களில் சராசரி 8 பாயிண்ட், நஷ்டக் கால்களில் சராசரி 31. பதினேழு எட்டு 136, ஏழு முப்பத்தொன்று 217. நிகரம் 81 பாயிண்ட் நஷ்டம். நிஃப்டி ஆப்ஷனைக் குறைந்தது ஒரு லாட்டாகத்தான் வாங்க முடியும், அந்த மாதம் லாட் 75, ஆக ஒரு லாட்டுக்கு 6,075 ரூபாய் போயிற்று. தரகு, எஸ்டிடி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து ஒரு முறை வாங்கி விற்க 65 ரூபாய் வாக்கில் ஆகும். 24 முறைக்கு 1,560. சந்தா 3,000. மொத்தம் 10,635 ரூபாய் கையை விட்டுப் போகும்.

நூற்றுக்கு எழுபது கால் சரியாக வந்தும் ஏன் நஷ்டம் என்று கேட்பீர்கள். 8 பாயிண்டுக்காக 31 பாயிண்டைப் பணயம் வைத்தால், கட்டணமும் சந்தாவும் சேர்க்காமலே 24-இல் 20 ஜெயித்தால்தான் கைக்காசு தப்பும். குழு கால் எழுதும்போது 110-லிருந்து பார்த்தால் 20 கிடைக்கும், 20 போகும் என்று சரிசமமாகத் தெரிகிறது. நீங்கள் 123-க்கு நுழையும்போது அது 7-க்கு 33 ஆகிவிடுகிறது. அந்தப் பதின்மூன்று பாயிண்ட் வித்தியாசத்தில்தான் மொத்த வியாபாரமும் ஓடுகிறது.

உங்கள் நண்பர் செய்தது நல்ல வேலை. எக்ஸ்பயரி முடிந்த ஆப்ஷனின் நிமிட சார்ட் பல தரகர்களின் ஆப்பில் அதற்குப் பிறகு கிடைப்பதில்லை. என்எஸ்இ தளத்தில் பழைய ஒப்பந்தத்தின் அன்றாட விலைகளை எடுக்கலாம், ஆனால் அந்த நாளின் உச்சமும் அடியும் எஸ்எல் முதலில் வந்ததா, டார்கெட் முதலில் வந்ததா என்று சொல்லாது. அதனால் போன மாதப் பட்டியலைக் குடைவதைவிட, இன்றிலிருந்து வரும் 25, 30 கால்களைக் காசு போடாமல் நோட்டில் எழுதி வருவது மேல்.

ஒரு சேனலில் இரண்டு வருடப் பதிவுகள் அப்படியே இருக்கின்றன. நஷ்டக் கால் ஒன்றுகூட இல்லை. அழித்திருந்தால் தெரியுமா? (மதுரை)

ஓரளவு தெரியும். டெலிகிராம் சேனலில் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை எண் உண்டு. பதிவை அழுத்திப் பிடித்து அதன் லிங்க்கை நகலெடுத்தால் இப்படி வரும்:

```
t.me/c/1234567890/415
```

பொதுச் சேனலாக இருந்தால் நடுவில் சேனல் பெயர் இருக்கும். கடைசி எண்தான் நமக்கு வேண்டியது. 415-க்கு அடுத்து கண்ணில் படும் பதிவின் எண் 423 என்றால், நடுவில் ஏழு பதிவுகள் காணவில்லை. பதிவை அழித்தாலும் அந்த எண் வேறு பதிவுக்குப் போகாது.

ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரே பதிவில் நான்கு படம் போட்டால் நான்கு எண் போகும். பின் செய்த அறிவிப்புக்கும் எண் உண்டு. பழைய விளம்பரத்தையும் வாழ்த்துச் செய்தியையும் யாரும் அழிப்பார்கள். பார்க்க வேண்டியது இடைவெளி எங்கே விழுகிறது என்பதை. நிஃப்டி ஒரே நாளில் பெரிதாக விழுந்த நாட்களில் நான்கைந்தைக் குறித்துக்கொண்டு, அந்த நாட்களில் எண்கள் தாவுகின்றனவா என்று பாருங்கள். அமைதியான நாளில் வரிசையாக ஓடி, அடி விழுந்த நாளில் மட்டும் தாவினால் விஷயம் புரிந்துவிடும்.

திருத்தியதும் இதே மாதிரிதான். கணினியில் டெலிகிராமைத் திறந்து, பதிவின் நேரத்தின் மேல் மவுஸை வைத்தால் போட்ட நேரம் நொடியோடு தெரியும், திருத்திய நேரமும் தெரியும். காலையில் போட்ட எஸ்எல்லை மதியம் மாற்றியிருந்தால் அங்கே சிக்கும்.

அட்மின் தினமும் தன் டிரேடிங் கணக்கின் லாபப் படத்தைப் போடுகிறார். ஒரு நாள் நான்கு லட்சம். அது பொய்யா? (கோவை)

படத்தை மாற்றுவது பத்து நிமிட வேலை. மாற்றாத படமாகவே இருந்தாலும், நான்கு லட்சம் எவ்வளவு முதலீட்டில் வந்தது என்று அதில் இல்லை. இரண்டு கணக்கு வைத்து ஒன்றில் ஏற்றத்துக்கு சிஇ, மற்றதில் இறக்கத்துக்கு பிஇ வாங்கினால், பெரும்பாலான நாட்களில் காட்ட ஒரு லாபப் படம் கிடைத்துவிடும். சில தரகர்கள் 'வெரிஃபைட்' லாப நஷ்ட லிங்க் தருகிறார்கள், அதைத் திருத்த முடியாது. ஆனால் எந்தக் கணக்கு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதைக் காட்டுபவரே தேர்ந்தெடுக்கிறார். கேட்பதானால் முழு நிதியாண்டுக்குக் கேளுங்கள்.

'பாப் ஆஃப் சார்ட்' என்ற பெயரில் யூடியூப், டெலிகிராம் நடத்தியவர் மீது 2023 அக்டோபரில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. லாபப் படங்களைக் காட்டிப் பயிற்சிக்கு ஆள் சேர்த்தவர் அவர். 2021 ஜனவரியிலிருந்து 2023 ஜூலை வரை அவருடைய சொந்த வர்த்தகத்தில் நிகர நஷ்டம் 2.89 கோடி ரூபாய் என்று அந்த உத்தரவு சொல்கிறது. அந்தக் காலத்தில் லாப நாட்களும் கட்டாயம் இருந்திருக்கும். காட்டப்பட்டவை அவைதான்.

சோதனைக்கு ஒரு வாரம் இலவசமாகச் சேர்த்தார்கள். எட்டுக் காலும் அடித்தது! இன்னும் என்ன சந்தேகம்? (நாகர்கோவில்)

எட்டு என்பது சின்ன எண். ஒருவர் 256 பேரிடம் தொடங்கி, பாதிப் பேருக்கு ஏறும், பாதிப் பேருக்கு இறங்கும் என்று அனுப்பி, தவறு வந்த பாதியை ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டு வந்தால், எட்டாவது முறை ஒருவருக்கு எட்டும் சரியாக வந்திருக்கும். அந்த ஒருவர் நீங்களா என்று உள்ளே இருந்துகொண்டு கண்டுபிடிக்க வழியில்லை. வேறு எண்ணிலிருந்து வீட்டில் ஒருவரைச் சேர்த்துவிட்டு இருவருக்கும் ஒரே கால் வருகிறதா என்று பாருங்கள். டார்கெட் எத்தனை பாயிண்ட், எஸ்எல் எத்தனை என்பதையும் முதல் பதிலில் சொன்ன மாதிரி எழுதுங்கள். எஸ்எல்லே சொல்லாத காலாக இருந்தால் அதை ஜெயித்த கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

குழு நடத்துபவர் செபியில் பதிவு பெற்றவர் என்று எண்ணும் போட்டிருக்கிறார். அது போதாதா? (சேலம்)

ரிசர்ச் அனலிஸ்ட் பதிவு எண் INH என்று தொடங்கும். அந்த எண்ணை அவர் அனுப்பிய லிங்க்கில் பார்க்காமல், செபி தளத்தில் நீங்களே தேடுங்கள். அங்கே உள்ள பெயரும், பணம் கேட்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

எண் சரியென்றாலும், பதிவு என்பது தகுதிக்கும் பொறுப்புக்குமான சான்று, லாபக் கணக்குக்கான சான்று இல்லை. சொல்லப்போனால், பதிவு பெற்றவர்கள் கடந்தகால லாபத்தை விளம்பரத்தில் காட்டக்கூடாது என்று செபியின் 2023 விளம்பர விதிகள் சொல்கின்றன. சரிபார்த்த கணக்கை மட்டும் காட்டலாம் என்பதற்காக 2025-இல் 'பர்வா' என்ற சரிபார்ப்பு அமைப்புக்கு ஏற்பாடு செய்தார்கள். அதனால் அவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "உங்கள் டார்கெட் பட்டியலை பர்வாவில் சரிபார்த்தீர்களா, சார்?" எண்ணையும் போட்டு, சரிபார்க்காத லாபப் பட்டியலையும் போடுகிறார் என்றால், ஒன்று எண் அவருடையது இல்லை, இல்லை விதியை மீறுகிறார். இரண்டில் எது என்று தேடிப்பார்க்க உங்களுக்கு ஐந்து நிமிடம் போதும்.