120 ரிவியூ, இரண்டு கணக்கு

கேள்வி: ஒரு ஸ்டான்ட் ஃபேன் வாங்குவதற்கு முன் அதன் 120 ரிவியூக்களையும் சாட்பாட்டில் போட்டுப் பார்த்தேன். சத்தம் பற்றித்தான் கூடுதல் முறைப்பாடு, 45 பேர் என்றது. திரும்பக் கேட்டால் 38 என்கிறது. எதை நம்புவது?
– வாசகி, உப்புவெளி

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். இப்படி மொத்தமாகக் கேட்டால் சாட்பாட் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, பொருத்தமாகத் தோன்றும் ஓர் எண்ணை எழுதிவிடுகிறது. ஆனால் ஒரு ரிவியூவைக் காட்டி, இது எதைப் பற்றிய குறை என்று கேட்டால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். ஆகவே பிரிக்கிற வேலையை அதனிடம் கொடுங்கள், கூட்டுகிற வேலையை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அனுப்பிய ரிவியூக்களை அப்படித்தான் பார்த்தேன். முதலில் எல்லாவற்றுக்கும் 1 முதல் 120 வரை எண் போட்டேன். சத்தம், கழுத்து லூசாவது, காற்று போதாமை, உடைந்து வந்தது, மற்றவை என்று தலைப்புகளை முடிவு செய்து, இருபது இருபதாகக் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்தத் தலைப்பில் குறை உண்டோ அங்கே 1, இல்லாவிட்டால் 0, பக்கத்தில் அதற்குக் காரணமான சொற்களை ரிவியூவில் உள்ளபடியே எழுதச் சொன்னேன். ஒரே ஆள் இரண்டு குறை சொல்லியிருந்தால் இரண்டிலும் 1 வரும். பிறகு எக்செலில் ஒவ்வொரு நிரலையும் கூட்டினால் போதும்:

```
=SUM(B2:B121)
```

சத்தத்துக்கு 34 வந்தது. அந்தக் காரணச் சொற்களை வாசித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "சத்தமே இல்லை, பிள்ளை நல்லாத் தூங்குது" என்பது போன்ற பாராட்டுகள் 12, சத்தம் என்ற சொல் இருந்ததால் குறையாகப் பதிவாகியிருந்தன. மிச்சம் 22. அதில் ஐந்து, எழுத்துப் பிழை உட்பட ஒரே வசனம். அவற்றை ஒன்றாக எடுத்தால் 18.

கழுத்து லூசாவதோ 23. அதில் பல, நாலு ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் கடைசி வரியில் எழுதியவை. குறைந்த நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் இது தப்பியிருக்கும். உடைந்து வந்தது என்பதைத் தனியாக வையுங்கள், அது அனுப்பியவரின் பொதியில் உள்ள குறையாகவும் இருக்கலாம்.

0 போட்ட வரிகளிலும் ஓர் இருபதை வாசியுங்கள். குறை விடுபட்டிருந்தால் தலைப்பை இன்னும் தெளிவாக விளக்கி, 120ஐயும் மறுபடி ஓடவிட வேண்டும். காரணச் சொற்கள் உண்மையிலேயே அந்த ரிவியூவில் உள்ளனவா என்றும் தேடிப் பாருங்கள், சிலவேளை சாட்பாட் தானாகவே வசனம் கட்டிவிடும்.

அப்புறம், 120 ரிவியூவில் 23 என்பதை வாங்கியவர்களில் ஐந்தில் ஒருவர் என்று எடுக்கக் கூடாது. வாங்கிவிட்டு எழுதாதவர்கள் எத்தனை பேரென்று நமக்குத் தெரியாது.

துருப்பிடிப்பது பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதையும் நல்ல செய்தியாக எடுக்காதீர்கள். பெரும்பாலானவை பொருள் வந்த வாரமே எழுதியவை, உப்புக்காற்று அதற்குள் வேலையைக் காட்டாது. கடையில் அந்த ஃபேனைக் கண்டால் கழுத்துத் திருகை இறுக்கி, முழு வேகத்தில் சுழலவிட்டு, தலை தானாகக் குனிகிறதா என்று பாருங்கள்.